துபாயில் மதுரைச் சரக்கு: ஏற்றுமதியா, லைசென்ஸா, கூட்டு நிறுவனமா, சொந்தக் கம்பெனியா?

வெளிநாட்டுக்குப் போக நினைக்கும் உணவுக் கம்பெனிக்காரர்கள் முதலில் கேட்பது, "எங்கள் கம்பெனிக்கு எது சரி?" என்பதுதான். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் பதில் சுலபமாக வரும்: எங்களுடைய எந்தச் சரக்குக்கு எது சரி? ஒரே கம்பெனியின் இரண்டு சரக்குகள் ஒரே நாட்டுக்குள் இரண்டு வழிகளில் போவது வழக்கமான விஷயம்தான். எல்லாவற்றையும் ஒரே வழியில் தள்ளப் பார்க்கும்போதுதான் பணம் போகிறது.

பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது என்பதால் ஒரு மாதிரிக் கம்பெனியை வைத்துப் பார்ப்போம். கப்பலூர் சிட்கோ பக்கம் ஒரு தொழிற்சாலை, ஆண்டு விற்பனை 35 கோடி ரூபாய். இட்லிப் பொடி, அப்பளம், இட்லி தோசை மாவு என்று மூன்று சரக்குகள். தென் மாவட்டங்களில் பெயர் இருக்கிறது. துபாயிலும் ஷார்ஜாவிலும் இருக்கும் நம்மவர்கள் ஊருக்கு வந்து போகும்போது பெட்டியில் பொடி வாங்கிப் போகிறார்கள். அங்கேயே விற்றால் என்ன என்று முதலாளிக்குத் தோன்றுகிறது. கீழே வரும் விலைகளும் செலவுகளும் கணக்குப் போட்டுக் காட்ட நான் வைத்துக்கொண்டவை. உங்கள் எண்களை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: எந்தச் சரக்கு பயணம் தாங்கும் என்று பிரியுங்கள்

பொடியும் அப்பளமும் காய்ந்த சரக்கு. தூத்துக்குடியில் ஏற்றினால் பெரும்பாலும் கொழும்பில் கப்பல் மாறி துபாயின் ஜெபல் அலி துறைமுகம் போய்ச் சேரும். சுங்கம், கிடங்கு எல்லாம் தாண்டிக் கடை அலமாரிக்கு வர ஒன்றரை இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பொடியின் ஆயுள் ஆறு மாதம் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே தீர்ந்துவிடும். சரக்கு கைக்கு வரும்போது பாதிக்கு மேல் ஆயுள் மீதி இருக்க வேண்டும் என்று வாங்குபவர் கேட்பார். ஆகவே பாக்கெட் படலத்தை மாற்றி ஆயுளை ஒன்பது, பன்னிரண்டு மாதத்துக்குக் கொண்டுபோக முடியுமா என்பதை முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். எண்ணெய்ச் சிக்கு வாடைதான் பொடியின் எதிரி. சோதனைப் பாக்கெட்டுகளைச் சூடான இடத்தில் வைத்து மாதாமாதம் பிரித்து முகர்ந்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

மாவு அப்படியில்லை. குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் ஒரு வாரம் போலத்தான் தாங்கும். அதுவரையிலும் புளித்துக்கொண்டேதான் இருக்கும். எடையில் பெரும்பகுதி தண்ணீர். கப்பலுக்கு நாள் போதாது. விமானத்தில் அனுப்பினால் தண்ணீருக்கு விமானக் கட்டணம் கட்டிய கதை. எனவே மாவுக்கு ஏற்றுமதி என்ற வழியே கிடையாது. அங்கேயே அரைத்தாக வேண்டும். யார் அரைப்பது, யாருடைய பணத்தில் அரைப்பது என்பதுதான் கேள்வி.

இந்தப் பிரிவினையிலேயே முடிவில் பாதி வந்துவிட்டது. பொடிக்கும் அப்பளத்துக்கும் ஏற்றுமதி. மாவுக்கு, உங்கள் பெயரில் அரைத்து விற்க அங்குள்ளவருக்கு உரிமை கொடுக்கும் லைசென்ஸ், கூட்டு நிறுவனம், சொந்தக் கம்பெனி மூன்றில் ஒன்று.

படி 2: பொடியையும் அப்பளத்தையும் அனுப்புங்கள், ஆனால் பெயரை முதலில் பூட்டுங்கள்

ஏற்றுமதியிலேயே இரண்டு விதம் உண்டு. சென்னையிலோ தூத்துக்குடியிலோ இருக்கும் ஏற்றுமதி வியாபாரியிடம் சரக்கைக் கொடுத்துவிடுவது ஒன்று. உரிய நிபந்தனைகளோடு கொடுத்தால் அந்த விற்பனைக்கு ஜி.எஸ்.டி. 0.1 சதவீதம்தான், அவர் 90 நாளுக்குள் அதை ஏற்றுமதி செய்துவிட வேண்டும். தலைவலி குறைவு. ஆனால் அங்கே யார் வாங்குகிறார், எந்தக் கடையில் ஓடுகிறது என்ற தகவல் எதுவும் உங்களுக்கு வராது. இரண்டாவது, நீங்களே நேரடியாக அங்குள்ள இறக்குமதியாளருக்கு அனுப்புவது. மாவுத் தொழிலையும் அங்கே கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் நேரடி ஏற்றுமதியே செய்யுங்கள். பொடி விற்கும் கடைகளின் பட்டியல்தான் நாளைக்கு மாவு விற்கப் போகும் கடைகளின் பட்டியல்.

காகித வேலை பெரிய விஷயமில்லை. மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்ககமான டி.ஜி.எப்.டி.யிடம் ஏற்றுமதி இறக்குமதிக்கான ஐ.இ.சி. எண் எடுக்க வேண்டும். அதை ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும். அப்பளத்துக்கு வேளாண், உணவுப் பொருள் ஏற்றுமதி ஆணையமான அபேடாவின் பதிவு, மசாலாச் சரக்கு இருந்தால் வாசனைப் பொருள் வாரியப் பதிவு. ஜி.எஸ்.டி. கட்டாமல் அனுப்ப எல்.யு.டி. என்ற உறுதிமொழிப் பத்திரம் கொடுத்துவிடலாம். இந்தியா–அமீரக வர்த்தக ஒப்பந்தம் 2022 மே 1 முதல் நடப்பில் இருக்கிறது. அங்கே பொதுவான சுங்க வரி 5 சதவீதம். ஒப்பந்தத்தில் பல சரக்குகளுக்கு அது நீங்கியிருக்கிறது அல்லது குறைந்திருக்கிறது. சுங்கத்தில் சரக்கை வகைப்படுத்தும் எச்.எஸ். எண்ணை வைத்து உங்கள் சரக்குக்குச் சரிபார்த்து, ஒவ்வொரு ஏற்றுமதிக்கும் பிறப்பிடச் சான்று எடுத்து அனுப்புங்கள். சான்று இல்லாவிட்டால் சலுகையும் இல்லை.

லேபிளில் அரபி வேண்டும். அரபி விவரங்களைத் தனி ஸ்டிக்கராக ஒட்டலாம். ஆனால் தயாரிப்புத் தேதியும் காலாவதித் தேதியும் பாக்கெட்டிலேயே அச்சாகியிருக்க வேண்டும். தேதியை ஸ்டிக்கரில் ஒட்டி அனுப்பினால் சரக்கு மாட்டிக்கொள்ளும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நான் பார்த்தவரை, இந்தக் கட்டத்தில் நம் ஊர்க் கம்பெனிகள் பட்ட அடி பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் விழுந்திருக்கிறது. இறக்குமதியாளர் நல்ல மனிதர், தெரிந்தவர் மூலம் வந்தவர். "அண்ணே, இங்கே சரக்கைப் பதிவு பண்ணணும், டிரேட்மார்க்கையும் நானே போட்டுர்றேன்" என்பார். நம்மவரும் செலவு மிச்சம் என்று தலையாட்டுவார். மூன்று வருஷம் கழித்து வேறு ஆளிடம் கொடுக்கப் போனால், அந்த நாட்டில் உங்கள் பெயருக்கு உரிமையாளர் அவராக இருப்பார். உங்கள் சரக்கை உங்கள் பெயரிலேயே அனுப்பினாலும் அவரால் சுங்கத்தில் நிறுத்த முடியும்.

இதைத் தடுப்பது அவ்வளவு கஷ்டமில்லை. டிரேட்மார்க்கை ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் பதிவு செய்யும் மாட்ரிட் முறையில் இந்தியா 2013லும் அமீரகம் 2021 டிசம்பரிலும் சேர்ந்திருக்கின்றன. இங்கே உங்கள் டிரேட்மார்க் விண்ணப்பம் இருந்தால் அதை வைத்து இங்கிருந்தே அமீரகத்துக்கும் விண்ணப்பிக்கலாம். முதல் கன்டெய்னர் கிளம்புவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று விஷயங்கள் தெளிவாக இருக்கட்டும். ஏகபோக உரிமை கேட்டால் எந்தச் சரக்குக்கு, எந்த எமிரேட்டுக்கு, எத்தனை வருஷத்துக்கு என்று வரையறுத்துக் கொடுங்கள். பொடி, அப்பளம் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். "கம்பெனியின் எல்லாப் பொருட்களும்" என்று எழுதினால் நாளைய மாவும் அவர் கைக்குப் போய்விடும். ஆண்டுக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் ஏகபோகம் தானாக முடியும் என்று எழுதுங்கள். வணிக ஏஜென்சியாக அவர் அரசிடம் பதிவு செய்ய நீங்கள் சம்மதிக்கிறீர்களா இல்லையா என்பதையும் வெளிப்படையாக எழுதுங்கள். அமீரகத்தின் 1981ஆம் ஆண்டு ஏஜென்சிச் சட்டத்தின்கீழ் பதிவான ஏஜென்டை நீக்குவது மிகக் கடினமாக இருந்தது. 2023இல் நடப்புக்கு வந்த புதிய சட்டம் அதைத் தளர்த்தியிருக்கிறது. ஆனாலும் பதிவாகிவிட்ட ஏஜென்சிக்குப் பாதுகாப்பு அதிகம்தான். பதிவில்லாத விநியோக ஒப்பந்தமாக வைத்துக்கொள்வதே உங்களுக்கு வசதி.

பணத்துக்கு ஆரம்பத்தில் 30 சதவீதம் முன்பணம், மீதி வங்கி வழியாக ஆவணம் கொடுக்கும்போது. கடன் கொடுக்க ஆரம்பித்ததும், வாங்கியவர் பணம் தராவிட்டால் ஈடுகட்டும் மத்திய அரசு நிறுவனமான இ.சி.ஜி.சி.யின் காப்பீடு எடுத்துவிடுங்கள்.

படி 3: மாவுக்கு ஒரு எண்ணைக் கண்டுபிடியுங்கள்

மாவு விஷயத்தில் விவாதம் பெரும்பாலும் சொந்தமாகப் போடுவது கௌரவம், லைசென்ஸ் பாதுகாப்பு, கூட்டு என்றால் சண்டை என்று உணர்ச்சியில் ஓடும். அதற்கு முன்னால் ஒரு எண் வேண்டும்: ஆண்டுக்கு எத்தனை கிலோ விற்றால் லைசென்ஸைவிடச் சொந்தக் கம்பெனி லாபம்?

கடைக்கு ஒரு கிலோ மாவு 6 திர்ஹாமுக்குக் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அரிசி, உளுந்து, மின்சாரம் 1.80. பாக்கெட் 0.40. குளிர் வண்டியில் கடைக்குக் கொண்டுபோக 0.90. கடை கேட்கும் தள்ளுபடியும் விற்காமல் திரும்பும் பாக்கெட்டும் சேர்ந்து 0.60. அங்கே காலாவதியான சரக்கைக் கடைக்காரர் உங்கள் தலையிலேயே திருப்பிக் கட்டுவார் என்பதால் இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். எல்லாம் போகக் கிலோவுக்கு 2.30 மிஞ்சுகிறது.

சொந்தமாகப் போட்டால் வாடகை, தொழில் நடத்த அந்நாட்டு அரசுக்குக் கட்டும் லைசென்ஸ் கட்டணம், ஆட்களின் விசா, தங்குமிடம், சம்பளம், இயந்திரத் தேய்மானம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 9 லட்சம் திர்ஹாம் நிலையான செலவு என்று வைப்போம். விற்றாலும் விற்காவிட்டாலும் அது போகும்.

லைசென்ஸ் கொடுத்தால் அங்குள்ள ஒரு சமையற்கூடம் உங்கள் பெயரில், உங்கள் பக்குவத்தில் அரைத்து விற்கும். உங்களுக்கு விற்பனையில் 5 சதவீத ராயல்டி, அதாவது கிலோவுக்கு 0.30. நிலையான செலவு உங்களுடையது அல்ல.

ஆக, சொந்தமாகச் செய்தால் கிலோவுக்கு 2.00 திர்ஹாம் கூடுதலாகக் கிடைக்கும். அந்தக் கூடுதல் 9 லட்சத்தை ஈடுகட்ட வேண்டும். 9,00,000ஐ 2.00ஆல் வகுத்தால் 4,50,000 கிலோ. அதுதான் எண். நாளைக்குச் சுமார் 1,230 கிலோ.

இந்த எண்ணைக் கடைகளாக மாற்றிப் பாருங்கள். ஒரு கடையில் நாளைக்கு ஒரு கிலோப் பாக்கெட் பன்னிரண்டு ஓடும் என்றால் நூற்றுக்குச் சற்று மேல் கடைகள் வேண்டும். பன்னிரண்டு ஓடுமா என்பது மதுரையில் உட்கார்ந்து யோசித்தால் தெரியாது. கராமாவிலும் பர் துபாயிலும் ஷார்ஜாவிலும் நம்மவர்கள் வாங்கும் கடைகளில், இப்போது இருக்கும் மாவுப் பாக்கெட்டுகளைக் காலையில் எண்ணி, இரவில் மறுபடி எண்ணுங்கள். தேதியையும் பாருங்கள். இரவில் மிஞ்சிய பாக்கெட்டில் நேற்றைய தேதி இருந்தால் ஓடுகிற கடை. நான்கு நாள் பழைய தேதி இருந்தால் அங்கே மாவு தூங்குகிறது. வார நாளிலும் விடுமுறை நாளிலும் பாருங்கள், இரண்டும் வேறு வேறு கதை சொல்லும்.

இப்போது கூட்டு நிறுவனம். பாதிப் பாதிப் பங்கு என்றால் பாதிச் செலவு, அதனால் குறைந்த விற்பனையிலேயே லாபம் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு வேறு விதமாக இருக்கிறது. பெயருக்கும் பக்குவத்துக்கும் கூட்டு நிறுவனமே உங்களுக்கு 0.30 ராயல்டி கொடுத்து, மிச்சத்தைப் பாதியாகப் பிரித்தால், லைசென்ஸைவிட லாபமாகும் எல்லை அதே 4,50,000 கிலோதான். ராயல்டியைத் தனியாக எழுதாமல் "லாபத்தில் பாதி" என்று மட்டும் கைகுலுக்கினால் எல்லை ஏறத்தாழ 5,29,000 கிலோவுக்கு ஏறிவிடும். ஏனென்றால் உங்கள் பெயரைக் கூட்டாளிக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டீர்கள்.

கூட்டு குறைப்பது நஷ்டத்தின் அளவை. ஆண்டுக்கு 2 லட்சம் கிலோதான் ஓடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக் கம்பெனி என்றால் 4,40,000 திர்ஹாம் நஷ்டம். ராயல்டியோடு கூடிய கூட்டு என்றால் உங்கள் பங்கு நஷ்டம் 1,90,000. லைசென்ஸ் என்றால் 60,000 வருமானம். கூட்டாளிக்குக் கடைகளில் ஏற்கெனவே கால் இருந்து, அவரால் விற்பனை வேகமாக ஏறினால்தான் கூட்டுக்கு அர்த்தம். வெறும் பணம் போடுபவர் என்றால் அந்தப் பணத்தை வங்கியில் வாங்கிக்கொள்ளலாம்.

படி 4: லைசென்ஸ் என்றால் பாக்கெட்டைக் கையில் வைத்திருங்கள்

நம் மாதிரிக் கம்பெனி தொடங்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து. நூறு கடை இன்னும் கையில் இல்லை. ஆனால் லைசென்ஸில் இரண்டு பயம் நியாயமானவை: விற்றதைக் குறைத்துக் காட்டுவார், தரத்தைக் கெடுப்பார்.

முதல் பயத்துக்கு மருந்து, அச்சிட்ட பாக்கெட் படலத்தை நீங்களே மதுரையிலிருந்து அனுப்புவது. படலம் காய்ந்த சரக்கு, கப்பலில் பொடியோடு போகும். எத்தனை மீட்டர் அனுப்பினோம் என்று தெரிந்தால் எத்தனை பாக்கெட் போட்டிருப்பார் என்று தெரியும். கழிவுக்கு 3 சதவீதம் விட்டுக்கொடுங்கள். அதற்கு மேல் கணக்கு இடித்தால் கேளுங்கள். கணக்குப் புத்தகத்தைத் தணிக்கை செய்யும் உரிமையை எழுதிக்கொள்வது அவசியம்தான். ஆனாலும் படலக் கணக்கு போலத் துல்லியமாக வேறு எதுவும் பேசாது.

இரண்டாவது பயம் கஷ்டமானது. மசாலாக் கம்பெனி என்றால் முக்கியக் கலவையை ஊரிலேயே அரைத்து அனுப்பி, ரகசியத்தைக் கையில் வைத்துக்கொள்ளலாம். மாவில் அப்படி ஒளித்து வைக்க ஒன்றும் இல்லை. அரிசிக்கும் உளுந்துக்கும் விகிதம், ஊறும் நேரம், அரைக்கும்போது ஏறும் சூடு, புளிக்க வைக்கும் வெப்பம் இவைதான் பக்குவம். ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் அவருக்குத் தெரிந்துவிடும். ஆகவே இங்கே உங்கள் சொத்து பெயர்தான், செய்முறை அல்ல. ஒப்பந்தம் முடிந்த பின் இரண்டு வருஷம் வேறு பெயரில் மாவு விற்கக்கூடாது என்று எழுதலாம். அதை நீதிமன்றத்தில் நிலைநாட்டுவது செலவான வேலை என்பதையும் மனதில் வையுங்கள்.

தரம் கெடுவதைக் கண்டுபிடிக்க உங்கள் ஆள் ஒருவர் வாரம் ஒருமுறை கடையில் காசு கொடுத்துப் பாக்கெட் வாங்க வேண்டும், கூடத்தில் கொடுப்பதை அல்ல. பாக்கெட் உப்பியிருக்கிறதா, புளிப்பு எவ்வளவு என்று பார்த்து, இட்லி ஊற்றிப் பார்க்க வேண்டும். கோடையில் புகார் கூடினால் பெரும்பாலும் தப்பு அரைப்பில் இருக்காது. வண்டியிலோ கடையின் குளிர்ப்பெட்டியிலோ சூடு ஏறியிருக்கும்.

அப்புறம் குறைந்தபட்ச ராயல்டி. விற்றாலும் விற்காவிட்டாலும் ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை இருக்கட்டும். இல்லாவிட்டால் உங்கள் பெயரை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டுத் தன் சொந்த மாவை விற்பவரும் உண்டு.

படி 5: கூட்டு என்றால் கல்யாணத்துக்கு முன்பே பிரிவினையை எழுதுங்கள்

சரிபாதிப் பங்கில் இருவரும் ஒத்துப்போகாத நாள் ஒன்று வரும். விலையை ஏற்றலாமா, லாபத்தை எடுக்கலாமா மறுபடி போடலாமா என்பவைதான் சண்டைக்குக் காரணமாக இருக்கும். அன்றைக்கு யார் சொல்வது செல்லும், ஒருவர் விலகினால் பங்குக்கு விலை போடுவது எப்படி என்று ஆரம்பத்திலேயே எழுதுங்கள். வங்கியில் இருவர் கையெழுத்து இருக்கட்டும். டிரேட்மார்க் கூட்டு நிறுவனத்தின் சொத்தாக ஆகவே கூடாது. அது மதுரைக் கம்பெனியிடமே இருந்து, கூட்டு நீடிக்கும் வரை பயன்படுத்தும் உரிமை மட்டும் போகட்டும். கூட்டாளியின் வேறு தொழிலையும் பாருங்கள். அவருக்கே விநியோக வண்டிகள் இருந்து, அவற்றுக்குக் கூட்டு நிறுவனம் வாடகை கொடுத்தால், லாபம் பிரிவதற்கு முன்பே அவர் பக்கம் சாய்ந்துவிடும். வண்டி வாடகையை வெளிச் சந்தை விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 6: சொந்தக் கம்பெனி, எண் கடந்த பிறகு

2021 முதல் அமீரகத்தின் உள்நாட்டுப் பகுதியிலும் பெரும்பாலான தொழில்களில் வெளிநாட்டவரே முழுப் பங்கும் வைத்துக்கொள்ளலாம். அதற்காக உள்ளூர்ப் பங்குதாரர் தேட வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை. தனிச் சலுகைப் பகுதியான ஃப்ரீ ஸோனில் தொழில் நடத்தும் லைசென்ஸ் மலிவாகத் தெரியும். ஆனால் ஊருக்குள் இருக்கும் கடைகளுக்கு நீங்களே தினமும் மாவு போட அது மட்டும் போதாது என்பதால், மாவுத் தொழிலுக்கு உள்நாட்டு லைசென்ஸ் என்றே கணக்குப் போடுங்கள். 3,75,000 திர்ஹாமுக்கு மேல் உள்ள லாபத்துக்கு அங்கே 9 சதவீத வரி உண்டு. மேலே போட்ட கணக்கில் அதைச் சேர்க்கவில்லை.

இங்கிருந்து பணம் அனுப்ப 2022ஆம் ஆண்டின் வெளிநாட்டு முதலீட்டு விதிகள் பொருந்தும். உங்கள் நிகர மதிப்பில் 400 சதவீதம் வரை முன் அனுமதி இல்லாமல் முதலீடு செய்யலாம். பணம் போவதற்கு முன் வங்கி வழியாக, வெளிநாட்டு முதலீட்டைத் தெரிவிக்கும் எப்.சி. படிவம் கொடுத்துத் தனி அடையாள எண் வாங்க வேண்டும். அப்புறம் ஆண்டுதோறும் டிசம்பர் 31க்குள் அந்தக் கம்பெனியின் செயல்பாட்டு அறிக்கையைக் கொடுக்க வேண்டும். கூட்டு நிறுவனத்தில் போடும் பணத்துக்கும் இதே விதிகள்தான். அறிக்கையை மறந்துவிட்டால் அடுத்த தவணைப் பணம் அனுப்பும் நாளில் வங்கி நிறுத்தும்.

படி 7: ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறும் கதவை இன்றே வைத்துக்கொள்ளுங்கள்

நம் மாதிரிக் கம்பெனிக்கு நான் சொல்வது: பொடியும் அப்பளமும் நேரடி ஏற்றுமதி, மாவு மூன்று வருஷ லைசென்ஸ். லைசென்ஸ் ஒப்பந்தத்தில் ஒரு விதி சேர்க்க வேண்டும். தொடர்ந்து இரண்டு காலாண்டுகளில் விற்பனை நாளைக்கு 1,230 கிலோவைத் தாண்டினால், சமையற்கூடத்தின் மாவுப் பிரிவை, இயந்திரங்களின் ஏட்டு மதிப்போடு ஓராண்டு மாவு லாபத்தைச் சேர்த்த விலைக்கு வாங்கவோ அதில் பாதிப் பங்கு எடுக்கவோ மதுரைக் கம்பெனிக்கு உரிமை உண்டு என்று. லைசென்ஸ் வாங்குபவர் இதற்குத் தயங்குவார். ராயல்டியை 5இலிருந்து 4 சதவீதமாகக் குறைத்துக் கொடுத்தாலும் இந்த விதியை வாங்கிவிடுங்கள். 2 லட்சம் கிலோ விற்கும் ஆண்டில் அந்த ஒரு சதவீதம் உங்களுக்கு 12,000 திர்ஹாம்தான். விதி இல்லாமல் போனால், நீங்கள் வளர்த்துக் கொடுத்த நூறு கடைகளில் அவரோடு போட்டிபோட்டுக்கொண்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

விற்பனை மூன்றாம் வருஷமும் நாளைக்கு ஐநூறு கிலோவிலேயே நின்றால் வாங்கும் உரிமையை அப்படியே விட்டுவிட்டு, லைசென்ஸை இன்னொரு மூன்று வருஷத்துக்குப் புதுப்பியுங்கள்.